செக்கில் எண் ஒரு தொகை, எழுத்து வேறு தொகை: எக்செல் ஷீட்டை எப்படிச் சரிசெய்வது?

தாராவி_செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். தாராவியில் எங்களுக்குத் தோல் பை செய்யும் பட்டறை இருக்கிறது. அப்பாவின் கணக்கு வழக்கு இப்போது என் கையில். தோல் கொடுக்கிறவர்களுக்கு இன்னமும் செக்தான். செக்கை பிரிண்டரில் அடிக்க ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறோம். தொகையைப் போட்டால் எண்ணும் எழுத்தும் தானாக வந்துவிடும். எழுத்துக்கு இணையத்தில் கிடைத்த SpellNumber மேக்ரோவைப் போட்டிருக்கிறோம்.

போன வாரம் ஒரு செக் திரும்பி வந்துவிட்டது. எண்ணில் கடைசியில் 34 பைசா, எழுத்தில் 33 பைசா. இரண்டும் ஒரே செல்லிலிருந்து வந்தவை. ஒரு பைசா எங்கே போனது என்று பிடிபடவில்லை.

அது போக இன்னும் இரண்டு தொல்லை. எண் 2,190,901.34 என்று மூன்று மூன்றாகப் பிரிந்து வருகிறது, எனக்கு 21,90,901.34 என்று வர வேண்டும். எழுத்தில் 'டூ மில்லியன்' என்று ஆரம்பிக்கிறது, லட்சத்தில் வர வேண்டும். கடைசியாக, பட்டறையில் கையெழுத்து வாங்கும் வவுச்சரில் தொகை தமிழில் எழுதியிருக்க வேண்டும் என்கிறார் அப்பா. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தாங்கள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள், நியாயமான பேச்சு. இதையெல்லாம் எக்செல்லிலேயே செய்ய முடியுமா?

ஐரோலி_குமார்

கமா பிரச்சினைக்கு இதை Format Cells, Custom என்கிற இடத்தில் ஒட்டுங்கள். உடனே சரியாகும்.

```
[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00
```

செக் திரும்பியதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவைப் பாருங்கள். எண்ணும் எழுத்தும் வேறாக இருந்தால் எழுத்தில் இருப்பதே தொகை. ஆகவே வங்கி 33 பைசாவாக எடுத்துப் பணம் கொடுத்திருக்க வேண்டும். சண்டை போடுங்கள்.

மாட்டுங்கா_விசு

நான் வங்கியில் கிளியரிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குமார் சொன்ன சட்டப் பிரிவு சரி. ஆனால் அது எதற்குப் பயன்படும் என்பதைப் பார்க்க வேண்டும். வழக்கு என்று வந்தால் எந்தத் தொகைக்குப் பொறுப்பு என்பதை முடிவு செய்ய அந்தப் பிரிவு உதவும். கவுன்ட்டரில் அல்லது கிளியரிங்கில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி, எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாத செக்கைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத மாட்டார். வங்கிகள் செக்கைத் திருப்புவதற்கான காரணங்களின் பட்டியலிலேயே 'எழுத்திலும் எண்ணிலும் தொகை மாறுபடுகிறது' என்று தனியாக ஒன்று உண்டு. அதை டிக் செய்து திருப்பிவிடுவார். சண்டை போட்டாலும் பலன் கிடைக்காது.

அப்புறம், பேனாவால் 33-ஐ 34 என்று திருத்தி, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்பு அது நடந்தது. செக்கின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கிற முறை வந்த பிறகு, தேதியைத் தவிர வேறு எந்தத் திருத்தத்தையும் ஏற்பதில்லை. பெயர், எண், எழுத்து எதில் தவறினாலும் புது செக்தான்.

தம்பி செல்வம், தொகை 21 லட்சம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் பாசிட்டிவ் பே வசதி உண்டு, 5 லட்சத்துக்கு மேல் அதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி இருக்கிறது. அதில் செக் எண், தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் நீங்கள் முன்கூட்டியே பதிவு செய்வீர்கள். அங்கே பதிகிற பைசாவும் செக்கில் அச்சாகிற பைசாவும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் ஷீட்டே இரண்டு விதமாகச் சொன்னால் அங்கே எதைப் பதிவீர்கள்?

நாசிக்_ரோடு_பாலு

தமிழ் எண்களையே போடலாமே? ௨௧ லட்சம் என்று. எக்செல் ஃபான்ட்டில் தமிழ் எண் வடிவங்கள் இருக்கின்றன. நான் கல்யாணப் பத்திரிகையில் தேதிக்குப் போட்டிருக்கிறேன், அழகாக வந்தது.

தாராவி_செல்வம்

பாலு அண்ணே, நான் கேட்டது எண் வடிவம் இல்லை, தொகையை எழுத்தால் எழுதுவது. பட்டறையில் ௨௧ என்று போட்டால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

விசு சார், நன்றி. புது செக் எழுதிக் கொடுத்துவிட்டோம். குமார் அண்ணே, ஃபார்மேட் வேலை செய்கிறது, 21,90,901.34 என்று வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு பைசா?

பவாய்_நிலா

அந்த செல்லில் இருப்பது நீங்கள் தட்டிய எண்ணா, கணக்குப் போட்டு வந்த எண்ணா? ஜிஎஸ்டி சேர்த்து வந்ததாக இருந்தால், அந்த செல்லை General ஃபார்மேட்டுக்கு மாற்றி, என்ன தெரிகிறது என்று இங்கே போடுங்கள்.

தாராவி_செல்வம்

கணக்குப் போட்டு வந்ததுதான். 18,56,696.05-க்கு 18 சதவீதம் சேர்த்தது. General-இல் 2190901.339 என்று காட்டுகிறது.

பவாய்_நிலா

அதுதான் காரணம். செல்லுக்குள் இருப்பது 33.9 பைசா. ஃபார்மேட் அதை அருகில் உள்ள பைசாவாக்கி 34 என்று காட்டுகிறது. ஆனால் ஃபார்மேட் என்பது காட்டுவதற்கு மட்டும், உள்ளே இருக்கும் மதிப்பைத் தொடாது. மேக்ரோ உள்ளே இருப்பதைத்தான் பார்க்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகளில் முதல் இரண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. 339-இல் முதல் இரண்டு 33. எண்ணை அருகில் கொண்டுபோனது ஒரு இடம், வெட்டியது இன்னொரு இடம். உங்கள் மேக்ரோ மோசமானது என்று சொல்லவில்லை, இணையத்தில் சுற்றுகிற பல எழுத்தாக்க மேக்ரோக்களும் இதையே செய்கின்றன.

ஆகவே முதல் வேலை, தொகையைப் பைசாவில் முழு எண்ணாக மாற்றிக்கொள்வது. ரூபாயை 100-ஆல் பெருக்கி, ஒரே ஒரு முறை ROUND. அதன் பிறகு செக்கில் போகிற எண்ணும் சரி, எழுத்தும் சரி, இந்த ஒரு செல்லிலிருந்துதான் பிறக்க வேண்டும். மூலத் தொகை A2-இல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

```
B2: =ROUND(A2*100,0)
C2: =INT(B2/1000000000)
D2: =MOD(INT(B2/10000000),100)
E2: =MOD(INT(B2/100000),100)
F2: =MOD(INT(B2/10000),10)
G2: =MOD(INT(B2/100),100)
H2: =MOD(B2,100)
```

உங்கள் தொகைக்கு B2-இல் 219090134 வரும். C2 கோடி, அது 0. D2 லட்சம், 21. E2 ஆயிரம், 90. F2 நூறு, 9. G2 மிச்சம், 1. H2 பைசா, 34. கமா எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம்தான் வெட்டியிருக்கிறோம் என்பதைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கம் ஒரு கட்டு, அதற்கு மேலே இரண்டு இரண்டாக. நம் சொற்களும் அதே வெட்டில்தான் நிற்கின்றன. மில்லியன் மேக்ரோ மூன்று மூன்றாக வெட்டுவதால், அதில் 'மில்லியன்' என்பதை 'லட்சம்' என்று மட்டும் மாற்றி வைத்தால் தொகையே தவறாகிவிடும். வெட்டுகிற இடத்தையே மாற்ற வேண்டும்.

செக்கில் அச்சாகிற எண்ணையும் A2-இலிருந்து எடுக்காமல் =B2/100 என்று எடுங்கள்.

ஐரோலி_குமார்

பேசாமல் செக்கை முழு ரூபாயாக ரவுண்ட் செய்துவிட்டால் பைசாத் தொல்லையே இல்லையே. ஜிஎஸ்டி சட்டத்திலேயே வரியை அருகில் உள்ள ரூபாய்க்குக் கொண்டுவரும் பிரிவு இருக்கிறது, 170-ஆவது பிரிவு.

பவாய்_நிலா

செய்யலாம், நிறைய பேர் பில்லில் ரவுண்ட் ஆஃப் என்று ஒரு வரி போட்டு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதையும் மதிப்பில் செய்ய வேண்டும், ஃபார்மேட்டில் இரண்டு சைபரை எடுத்துவிட்டுச் செய்யக் கூடாது. தசமத்தைக் காட்டாமல் மறைத்தால் இதே பிரச்சினை ரூபாய் அளவில் வரும். 900.60 உள்ளே இருக்கும், எண் 901 என்று காட்டும், மேக்ரோ 900 ரூபாய் 60 பைசா என்று எழுதும். இந்த வித்தியாசத்துக்கும் செக் திரும்பும்.

செம்பூர்_மீனாட்சி

எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு நான் பொருளாளர். குமார் கொடுத்த அதே ஃபார்மேட்டைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆண்டு அறிக்கையில் பற்றாக்குறையாக வருகிற எண்கள் மட்டும் -1,234,567.00 என்று பழைய மாதிரியே வந்து நிற்கின்றன. ஒரே பக்கத்தில் வரவு லட்சக் கமாவிலும் பற்றாக்குறை மில்லியன் கமாவிலும் இருக்கிறது. ஆடிட்டர் கேட்கிறார். இதற்கு வழி உண்டா?

பவாய்_நிலா

உண்டு. அந்த ஃபார்மேட்டில் இரண்டு நிபந்தனைதான் வைக்க முடியும். ஒரு கோடியும் அதற்கு மேலும் ஒன்று, ஒரு லட்சமும் அதற்கு மேலும் ஒன்று, மற்றதெல்லாம் மூன்றாவது பகுதிக்குப் போய்விடும். மைனஸ் எண் எதுவாக இருந்தாலும் லட்சத்தைவிடச் சின்னதுதானே, அதனால் அதுவும் மூன்றாவதில் விழுகிறது. அங்கே இருப்பது சாதாரண மூன்று இலக்கக் கமா.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 99,999.999 என்று ஒரு மதிப்பு வந்தால், அது லட்சத்துக்குக் குறைவு என்று மூன்றாவது பகுதிக்குப் போகும், அங்கே இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் ஆகி 100,000.00 என்று காட்டும். முதலில் ROUND செய்த மதிப்பைக் கொடுத்தால் இது வராது.

மைனஸுக்கு இரண்டு வழி. Conditional Formatting-இல் -1,00,000-க்கும் -1,00,00,000-க்கும் தனித்தனி விதி போட்டு, அதில் எண் ஃபார்மேட்டைக் கொடுக்கலாம். இல்லையென்றால் விண்டோஸ் Region அமைப்பில் English (India) என்று வைத்து, Digit grouping-இல் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எக்செல்லில் வெறும் #,##0.00 போதும், மைனஸும் சேர்த்து எல்லாம் லட்சக் கமாவில் வரும். உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

செம்பூர்_மீனாட்சி

Region மாற்றினேன், எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஃபைலை ஆடிட்டருக்கு அனுப்பினால் அவருடைய கம்ப்யூட்டரில் மறுபடி மில்லியன் கமா.

பவாய்_நிலா

ஆமாம், அந்த வழியில் கமா ஃபைலில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. திறக்கிற கம்ப்யூட்டரின் அமைப்புப்படிதான் தெரியும். ஆடிட்டருக்குப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். செல்வம், உங்கள் செக் பிரிண்டர் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கும் இதுவே போதும். மைனஸ் செக் யாரும் எழுதுவதில்லை என்பதால் குமாரின் ஃபார்மேட்டும் உங்களுக்குப் பிரச்சினை தராது, ROUND மட்டும் முன்னால் இருக்கட்டும்.

வசாய்_ரமேஷ்

எக்செல்லை விடுங்கள், வேர்டிலேயே எண்ணை எழுத்தாக்கும் வசதி இருக்கிறது. ஃபீல்டில் `\* CardText` என்று போட்டால் போதும், மேக்ரோவே வேண்டாம்.

பவாய்_நிலா

அது 999999 வரைதான் போகும், அதற்கு மேல் பிழை காட்டும். அந்த எல்லைக்குள்ளும் லட்சம் என்று சொல்லாது, ஹன்ட்ரட் தௌசண்ட் என்றுதான் எழுதும். எக்செல்லிலும் எழுத்தாக்க ஒரு ஃபங்ஷன் கூடவே வருகிறது, BAHTTEXT என்று பெயர். ஆனால் அது தாய்லாந்து மொழியில் மட்டும் எழுதும். நமக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

தாராவி_செல்வம்

C2 முதல் H2 வரை போட்டுவிட்டேன், நீங்கள் சொன்ன எண்களே வந்தன. ஆங்கில எழுத்துக்கு மேக்ரோவில் வெட்டுகிற இடத்தை மாற்றிவிட்டேன், இப்போது ட்வென்ட்டி ஒன் லேக் என்று வருகிறது. இனித் தமிழ். மேக்ரோவுக்குள் தமிழ்ச் சொற்களை ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறியாக மாறுகிறது.

விசு சார், செக்கிலேயே தமிழில் எழுதலாமா என்றும் அப்பா கேட்கிறார்.

மாட்டுங்கா_விசு

ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல், செக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் மொழியிலோ எழுதலாம் என்கிறது. தமிழ்நாட்டுக் கிளையில் தமிழில் எழுதிய செக் போவதில் தடை இல்லை. மும்பைக் கிளையில் அந்தப் பகுதியின் மொழி என்றால் மராத்தி. உங்கள் கணக்கு இங்கே இருப்பதால் செக்குக்கு ஆங்கிலம், வவுச்சருக்குத் தமிழ் என்று வைத்துக்கொள்வதுதான் உசிதம். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

மில்லியன் என்று எழுதிய செக் செல்லுமா என்று யாராவது கேட்கலாம். தொகை சந்தேகமில்லாமல் தெரிந்தால் சட்டப்படி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணில் 21,90,901 என்றும் எழுத்தில் மில்லியன் என்றும் இருந்தால், சரிபார்க்கிறவர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். வரிசையில் நிறைய படங்கள் காத்திருக்கும்போது அந்த வேலையை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பவாய்_நிலா

கேள்விக்குறிக்குக் காரணம், மேக்ரோ எழுதுகிற அந்த ஜன்னல் யூனிகோடை ஏற்காது. தமிழை அதற்குள் எழுதவே வேண்டாம். ஷீட்டில் எழுதினால் எந்தச் சிக்கலும் இல்லை. 'சொல்' என்று ஒரு தனி ஷீட் போட்டு, சொற்களை அங்கே அடுக்கி, INDEX கொண்டு எடுங்கள்.

ஆனால் ஆங்கிலத்தில் செய்த மாதிரி செய்ய வராது. ஆங்கிலத்தில் 90, 900 எதற்கான சொல்லும் எங்கே வைத்தாலும் மாறாது. தமிழில் பின்னால் ஏதாவது வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்துச் சொல்லின் வால் மாறுகிறது. நூறு தனியாக நின்றால் நூறு, பின்னால் ஒன்று வந்தால் நூற்று ஒன்று. லட்சம் தனியாக நின்றால் லட்சம், பின்னால் ஏதாவது வந்தால் லட்சத்து. ஒன்று என்பதும் லட்சத்துக்கு முன்னால் ஒரு என்று ஆகிவிடும், 21 லட்சம் என்றால் இருபத்தொரு லட்சம். ஆயிரத்துக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும், 5 ஐயாயிரம், 21 இருபத்தோராயிரம், 90 தொண்ணூறாயிரம்.

இதற்கெல்லாம் விதி எழுதி ஃபார்முலாவில் அடைக்கப் பார்த்தால் நூல் சிக்கிக்கொள்ளும். 0 முதல் 99 வரைதானே, பட்டியலாகவே எழுதிவிடுங்கள். B பத்தியில் தனியாக நிற்கும் வடிவம், C பத்தியில் லட்சம், கோடிக்கு முன் வரும் வடிவம், D பத்தியில் ஆயிரத்தோடு ஒட்டிய வடிவம், E பத்தியில் அதே ஆயிரம் 'ஆயிரத்து' என்று முடியும் வடிவம். ஒரு மாலை நேர வேலை, அதன் பிறகு திரும்பத் தொட வேண்டியதில்லை. நூறுகளுக்கு F, G பத்திகளில் 0 முதல் 9 வரை: நூறு, நூற்று, இருநூறு, இருநூற்று, இப்படியே.

லட்சப் பகுதிக்கான ஃபார்முலா இது. மற்றவை இதே சாயல்தான்.

```
=IF(D2=0,"",INDEX('சொல்'!C:C,D2+1)&IF(E2+F2+G2=0," லட்சம் "," லட்சத்து "))
```

முதல் வரிசையில் 0 இருப்பதால்தான் D2+1. வாலைத் தீர்மானிப்பது E2+F2+G2 மட்டும் என்பதைக் கவனியுங்கள், பைசாவை அதில் சேர்க்காதீர்கள். கோடிப் பகுதியும் இதே மாதிரிதான், பின்னால் ஏதாவது இருந்தால் கோடியே, இல்லையென்றால் கோடி.

மாட்டுங்கா_விசு

நிலா, 900-ஐப் பற்றிச் சொல்லவில்லையே. கையால் எழுதுகிறவர்களே அதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

பவாய்_நிலா

சரி, அதுதான் இந்த வேலையிலேயே கண்ணுக்குத் தெரியாத பள்ளம். 900 நம் மொழியில் நூறில் முடியாது, தொள்ளாயிரம். நூறு என்பதற்கு நூற்று என்று வாலை மாற்ற ஒரு பொது விதி போட்டிருந்தால் 901 வரும்போது உடைந்துவிடும். அதன் வால் தொள்ளாயிரத்து, ஆயிரத்தைப் போலவே. அதேபோல 90 பத்தில் முடியாமல் தொண்ணூறு என்று நூறில் முடிகிறது, 91 தொண்ணூற்று ஒன்று. இருபது, முப்பதுக்கு 'பது' என்பதைப் 'பத்து' என்று மாற்றும் விதி அதற்குச் செல்லாது. பட்டியலாக எழுதச் சொன்னதே இதற்காகத்தான்.

செல்வத்தின் தொகையிலேயே இதெல்லாம் இருக்கிறது. 21,90,901 என்பது இருபத்தொரு லட்சத்து தொண்ணூறாயிரத்து தொள்ளாயிரத்து ஒன்று. அதில் 'ஆயிரத்து' என்று இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்று 90,000, இன்னொன்று 900. வேகமாகத் தட்டுகிறவர் இரண்டாவதை விட்டுவிட்டால் 21,90,001 ஆகிவிடும், வாசிக்கிறவருக்குச் சட்டென்று உறைக்காது.

ஆன்டாப்ஹில்_தமிழாசிரியை

பேச்சு தமிழுக்கு வந்ததால் ஒரு திருத்தம். லட்சத்துத் தொண்ணூறாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று என்று ஒற்று மிகும். அச்சில் போகிற ஆவணம் என்பதால் சரியாக எழுதுவது நல்லது. முந்நூறு, ஐந்நூறு இரண்டுக்கும் 'ந்நூ' வர வேண்டும். பலரும் முன்னூறு, ஐநூறு என்று எழுதுகிறார்கள்.

இன்னொன்று. ரூபாய் என்ற சொல்லை எங்கே வைக்கிறீர்கள்? முன்னால் வைத்தால் 'ரூபாய் ... தொள்ளாயிரத்து ஒன்று' என்று முடியும். பின்னால் வைத்தால் 'தொள்ளாயிரத்து ஒரு ரூபாய்' என்று ஆக வேண்டும். 'ஒன்று ரூபாய்' என்று அச்சடித்த ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன், படிக்கவே கஷ்டமாக இருந்தது.

பவாய்_நிலா

டீச்சர், ரூபாய் விஷயம் முக்கியமானது. முன்னால் வைப்பதுதான் ஃபார்முலாவுக்கு எளிது, B பத்தி அப்படியே உதவும். செல்வம், அப்படியே செய்யுங்கள்: ரூபாய் இருபத்தொரு லட்சத்து தொண்ணூறாயிரத்து தொள்ளாயிரத்து ஒன்றும் பைசா முப்பத்து நான்கும் மட்டும்.

ஒற்றுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அடுத்து வருகிற சொல் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று ஃபார்முலா எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். லட்சத்து ஐயாயிரம் என்றால் ஒற்று இல்லை, லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்றால் உண்டு. வவுச்சருக்கு இது இல்லாமலே போகலாம் என்பது என் எண்ணம்.

ஆன்டாப்ஹில்_தமிழாசிரியை

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. க, ச, த, ப நான்கு எழுத்து வரிசை மட்டும்தானே, முடியாத வேலையா?

பவாய்_நிலா

முடியாதது இல்லை. அடுத்த பகுதியின் முதல் எழுத்தை LEFT கொண்டு எடுத்துப் பார்க்கலாம். எண்ணுப் பெயர்களில் ப, த இரண்டு மட்டும்தான் வரும், பத்தும் பதினொன்றும் அதன் கூட்டமும், தொண்ணூறும் தொள்ளாயிரமும். செல்வம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் தொகை சரியாக வரட்டும்.

தாராவி_செல்வம்

பட்டியல் முழுவதும் தட்டிவிட்டேன். என் தொகைக்குச் சரியாக வருகிறது. வேறு எந்தெந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்?

பவாய்_நிலா

வால் மாறுகிற இடங்களைத்தான் பார்க்க வேண்டும், நடுவில் இருக்கிற எண்கள் தாமாகவே சரியாக இருக்கும். 100-உம் 101-உம், 900-உம் 901-உம் போடுங்கள். அப்புறம் 9,000, 90,000, 90,900 மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு வாசித்துப் பாருங்கள், ஒன்பதாயிரம், தொண்ணூறாயிரம், தொண்ணூறாயிரத்து தொள்ளாயிரம் என்று வர வேண்டும். 1,00,000-உம் 1,00,001-உம். கடைசியாக 99,99,999.995. இது ரவுண்ட் ஆகி ஒரு கோடி ஆக வேண்டும். தொண்ணூற்றொன்பது லட்சத்தில் ஆரம்பித்து நூறு பைசா என்று முடிந்தால் ROUND தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

தாராவி_செல்வம்

எல்லாம் சரி. 1,00,000-க்கு மட்டும் 'ஒரு லட்சம்' என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி அதிகமாக வந்து 'லட்சம்  மட்டும்' என்று நிற்கிறது. TRIM போட்டேன், போய்விட்டது. வவுச்சரைப் பட்டறையில் காட்டினேன், எல்லோரும் வாசித்தார்கள். டீச்சர் சொன்ன ஒற்றையும் சேர்க்கப் போகிறேன், அப்பாவுக்கு அது வேண்டுமாம்.

பெலாப்பூர்_ஜோசப்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எங்கள் வெப் பக்கத்தில் `Intl.NumberFormat` பயன்படுத்துகிறோம். லொகேல் `ta-IN` என்று இருந்தால் அது 100 கோடியை 1,00,00,00,000 என்று காட்டுகிறது. குமாரின் எக்செல் ஃபார்மேட் அதையே 100,00,00,000 என்று காட்டுகிறது. எது சரி?

ஐரோலி_குமார்

என்னுடையதுதான். நாம் நூறு கோடி என்றுதான் வாசிக்கிறோம், கமாவும் நூறு என்று காட்ட வேண்டும். அதற்கு மேலே பெயரே இல்லாத இடத்தில் கமா எதற்கு?

பவாய்_நிலா

இரண்டு இரண்டாகப் பிரிப்பது மேலேயும் தொடரும் என்பதுதான் நிரலாக்க நூலகங்களின் கணக்கு. குமார் சொல்வது பேச்சுக்குப் பொருந்துகிறது. ஒரு லட்சம் கோடி என்று நாம் சொல்வதால், கோடிக்கு மேலே மறுபடி முதலிலிருந்து மூன்று, இரண்டு என்று எண்ணலாம் என்று வாதிடவும் இடம் இருக்கிறது. எழுத்துக்கு அதைத்தான் செய்ய வேண்டும், கோடிப் பகுதி 99-ஐத் தாண்டினால் அந்த எண்ணையே மறுபடி லட்சம், ஆயிரம், நூறு என்று வெட்டி, கடைசியில் கோடி சேர்க்க வேண்டும். செல்வத்தின் ஷீட் 99 கோடிக்கு மேல் INDEX-இல் தவறும், அவருக்கு அது தேவைப்படாது என்று விட்டுவிட்டேன்.

ஜோசப், வாடிக்கையாளரின் பிரவுசர் மொழியைப் பார்த்து லொகேலைத் தேர்ந்தெடுக்கிறீர்களா? அப்படியென்றால் கவனம், `ta-SG`, `ta-MY` இரண்டிலும் தமிழ் இருந்தும் கமா மூன்று மூன்றாகத்தான் விழும். ரூபாய்த் தொகைக்கு `ta-IN` அல்லது `en-IN` என்று நீங்களே நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

பெலாப்பூர்_ஜோசப்

பிரவுசரைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். சிங்கப்பூரில் இருந்து ஒரு வாடிக்கையாளர் தன் பில்லில் கமா மாறி வருகிறது என்று எழுதியிருந்தார், காரணம் இதுதான் போல. பைசாவுக்கு `Math.floor(amount*100)` என்று வைத்திருக்கிறோம், அதில் ஏதாவது உண்டா?

பவாய்_நிலா

உண்டு. பிரவுசர் கன்சோலில் 4.35*100 என்று தட்டிப் பாருங்கள்.

பெலாப்பூர்_ஜோசப்

434.99999999999994 என்கிறது. floor போட்டால் 34 பைசா. `Math.round` ஆக மாற்றுகிறேன், பழைய பில்களையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.